பின்கதவு திறந்தே இருக்கட்டும்: திகில் காட்சி எடுக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்டவை

ஞாயிற்றுக்கிழமைகளில் பெஸ்தாரி ஜெயாவில் (நமக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) குறும்படம் எடுக்கும் பிள்ளைகளோடு உட்காருவேன். பத்தில் எட்டுப் பேர் எடுப்பது பேய்ப்படம். ஃபிரேமில் காலி இடம் விடுங்கள், கேமராவை மெதுவாக நகர்த்துங்கள், பேயைக் கடைசிவரை ஃபிரேமுக்கு வெளியிலேயே வையுங்கள் என்று அவர்களிடம் ஓயாமல் சொல்வேன். அதற்கு அவர்கள் கேட்கும் கேள்விகளும் அநேகமாக ஒரே மாதிரிதான். போன வருடம் ஆள் குடியில்லாத ஒரு லயத்து வீட்டில், என் சித்தியை உட்காரவைத்து ஒரே ஷாட்டில் ஒரு காட்சி எடுத்தோம். பதில்கள் பெரும்பாலும் அந்த ஒரு ஷாட்டைச் சுற்றியே வரும்.

அண்ணே, காலி இடம் காலி இடம்னு சொல்றீங்க. எந்த ஃபிரேம்லயும் ஒரு மூலை காலியாத்தானே இருக்கும்?

இருக்கும். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை தலைக்கு மேலே அரைச் சுவர் காலியாகத்தான் கிடக்கும், யாரும் பயப்படுவதில்லை. ஒரு காலி இடம் பயமுறுத்த இரண்டு விஷயம் வேண்டும். அங்கே எதுவோ வந்து நிற்க வழி இருக்கவேண்டும்: கதவு, ஜன்னல், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அடுத்து, படத்தில் இருக்கும் ஆள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கவேண்டும். அப்போது அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை பார்ப்பவன் தலையில் விழுகிறது.

எங்கள் காட்சி இதுதான். இரவு. சித்தி அடுப்படி மேசையில் பழைய பேப்பரை விரித்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறார். ஃபிரேமில் இடது பக்கம் இருக்கிறார், முகமும் இடது பக்கம் பார்க்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால், ஃபிரேமின் நடுவில், திறந்த பின்கதவு. விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கதவைச் சாத்து என்று ஏச்சு வாங்காமல் நம்மில் யார் வளர்ந்தோம்? அதனால் நம் ஆட்களுக்கு அந்தக் கதவு திறந்திருப்பதே போதும், வசனம் எழுதத் தேவையில்லை.

ஆள் பார்க்கிற பக்கம்தானே இடம் விடணும்? அப்படித்தான் கிளாஸ்ல சொன்னாங்க.

சரியாகத்தான் சொன்னார்கள். பார்க்கிற பக்கம் இடம் விட்டால் கண்ணுக்கு நிம்மதி. நமக்கு அந்த நிம்மதி வேண்டாம் என்பதால் முதுகுப் பக்கம் விடுகிறோம். ஆனால் படம் முழுக்க அப்படியே வைத்தால் அது பழகிப்போய்விடும். முதல் நான்கைந்து ஷாட்டை ஒழுங்காக, பார்க்கும் பக்கம் இடம் விட்டு எடுங்கள். இந்த ஒரு ஷாட்டில் மட்டும் மாற்றுங்கள்.

மெதுவா நகர்த்துங்கனா எவ்வளவு மெதுவா? ஒரு கணக்குச் சொல்லுங்கலா.

சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் ஷாட்டில் கேமரா 55 விநாடியில் 110 சென்டிமீட்டர் முன்னால் போனது. அதாவது விநாடிக்கு 2 சென்டிமீட்டர். இந்த வேகத்தில் முதல் பத்து விநாடி கேமரா நகர்கிறது என்றே தெரியாது. பிறகு ஏதோ மாறியிருக்கிறது என்று தோன்றும், எது என்று பிடிபடாது.

முக்கியமான விஷயம் கேமரா யாரை நோக்கிப் போகிறது என்பது. பிள்ளைகள் எல்லோரும் நடிகர் முகத்தை நோக்கித்தான் தள்ளுகிறார்கள். நாங்கள் கதவை நோக்கித் தள்ளினோம். முழு ஃபிரேம் கேமராவில் 35 மிமீ லென்ஸ். கேமராவிலிருந்து கதவு 3 மீட்டர், சித்தி 1.6 மீட்டர். கேமரா போகும் கோட்டிலிருந்து சித்தி 45 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். தொடக்கத்தில் அவர் முழுதாக ஃபிரேமுக்குள் இருக்கிறார், கதவு ஃபிரேமின் அகலத்தில் கால்வாசி. 70 சென்டிமீட்டர் போனதும், அதாவது 35-ஆவது விநாடியில், ஃபிரேமின் ஓரம் சித்தியைச் சரிபாதியாக வெட்டுகிறது. 110 சென்டிமீட்டரில் அவர் முழுக்க வெளியே போய்விடுகிறார். இப்போது கதவு ஃபிரேமில் ஐந்தில் இரண்டு பங்கு.

சித்தி இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை, கேமராதான் அவரை விட்டுவிட்டுப் போகிறது. நெத்திலி கிள்ளும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. 48-ஆவது விநாடியில் அது நிற்கிறது. கேமரா நிற்கவில்லை, இன்னும் ஏழு விநாடி அதே வேகத்தில் கதவை நோக்கிப் போகிறது. மண்டபத்தில் போட்டபோது பின் வரிசையில் ஓர் அம்மா, "ஐயோ அவங்களைப் பாருங்கப்பா" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். கதவில் இதுவரை எதுவும் வரவில்லை.

ஸ்லைடர் வாங்க காசு இல்ல. ஜூம் பண்ணினா ஒண்ணுதானே?

ஒன்றில்லை. ஜூம் செய்தால் படம் பெரிதாகும், அவ்வளவுதான். சித்தியும் கதவும் ஒரே அளவில் பெரிதாவார்கள். கேமராவே நகரும்போது அருகில் இருப்பவர் வேகமாகப் பெரிதாகி ஓரத்துக்கு ஒதுங்குகிறார், தூரத்தில் இருக்கும் கதவு மெதுவாக வளர்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் பார்ப்பவனுக்குத் தானே அந்த அறைக்குள் நடந்து போவது போலத் தோன்றுகிறது. 4K-வில் எடுத்துப் பிறகு கணினியில் பெரிதாக்குவதும் ஜூம்தான்.

காசில்லாமல் செய்யலாம். ஒரு பலகைக்கு அடியில் பழைய ஸ்கேட்போர்டு சக்கரம், கீழே இரண்டு பிவிசி குழாய். தள்ளாதீர்கள், கையால் தள்ளினால் துடிக்கும். பலகையில் மீன்பிடி நூலைக் கட்டி, மறுமுனையை 500 மிலி தண்ணீர் பாட்டிலில் சுற்றுங்கள். அந்தப் பாட்டிலின் சுற்றளவு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், ஆகவே பத்து விநாடிக்கு ஒரு சுற்று சுற்றினால் விநாடிக்கு 2 சென்டிமீட்டர். நூல் சுவரோரமாக, ஃபிரேமுக்கு வெளியே போகவேண்டும் என்பதை மறந்து நாங்கள் முதல் மூன்று டேக்கை வீணாக்கினோம்.

இவ்வளவு மெதுவாக இழுக்கும்போது வண்டி நின்று நின்று போகும். அதற்கு மருந்து பின்பக்கம்தான் இருக்கிறது. பலகையின் பின்னால் இன்னொரு நூல் கட்டி, அதில் ஒரு சின்ன அரிசிப் பையைத் தரையில் இழுபடவிடுங்கள். முன்னால் நீங்கள் இழுக்க, பின்னால் அது பிடித்துக்கொள்ள, நூல் எப்போதும் விறைப்பாக இருக்கும். துடிப்பு இருக்கிறதா என்று கேமராவின் சின்னத் திரையில் தெரியாது. ஃபிரேமின் ஓரத்தில் நேர்கோடாக இருக்கும் எதையாவது, கதவு நிலையோ அலமாரி விளிம்போ, பெரிய திரையில் போட்டு அதை மட்டும் பாருங்கள். அது நடுங்கினால் எடுத்தது போச்சு.

இரண்டு மடங்கு வேகமா தள்ளி, அப்புறம் ஸ்லோமோஷன் ஆக்கிடலாமா?

அசையும் பொருள் எதுவும் ஃபிரேமில் இல்லையென்றால் தாராளமாக. சித்தி கையை அசைக்கிறாரே! கொடியில் தொங்கும் துணி காற்றில் ஆடினால்கூடத் தெரிந்துவிடும்.

கதவுக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டா வந்திருக்கு. அதுதானே பயம்?

முழுக் கறுப்பு பயமில்லை. கதவுச் சட்டத்தில் கறுப்பு அட்டை ஒட்டியது போலத்தான் இருக்கும். அட்டைக்குப் பின்னால் இடம் இருப்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள். இருட்டுக்குள் ஆழம் இருக்கிறது என்று ஒரே ஒரு பொருள் சொல்லவேண்டும். நாங்கள் கொடியில் சித்தப்பாவின் பழைய கைலி ஒன்றைப் போட்டோம். பத்து மீட்டர் தள்ளி ஒரு செம்பனை மரத்துக்குப் பின்னால் சின்ன எல்இடி விளக்கை ஒளித்துவைத்து, கைலியின் ஓரம் மட்டும் தெரியும்படி விட்டோம். ஆள் உயரம், ஆள் அகலம். அது கைலிதான் என்று தெரியும், ஆனாலும் இரண்டாம் முறை பார்க்கத் தோன்றும். அந்த அளவுக்கு வெளிச்சம் போதும்.

எவ்வளவு மங்கலாக விடுவது என்பதில் நான் ஒருமுறை நன்றாக அடிபட்டேன். வீட்டில் விளக்கணைத்துப் பார்த்துத் திருத்திய படத்தை, ஒரு மண்டபத்தில் பகல் மூன்று மணிக்குத் திரைச்சீலை சரியாக மூடாமல் புரொஜெக்டரில் போட்டார்கள். கைலியும் இல்லை, கொடியும் இல்லை, வெறும் சாம்பல் நிறச் சதுரம் ஒன்றை 55 விநாடி பார்த்தோம். அதன்பிறகு, எங்கே காட்டப்போகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் இருட்டின் அளவை முடிவு செய்கிறேன். வெளிச்சமான மண்டபம் என்றால் தனியாக இன்னொரு பிரதி.

போன்லதான் எடுக்கிறேன். கேமரா கிட்டப் போகப் போக இருட்டு வெளுத்துப் போயிடுது, புள்ளி புள்ளியா வருது. ஏன்?

சித்தி ஃபிரேமைவிட்டுப் போகிறார் அல்லவா? அவர் முகமும் டியூப் லைட் பட்ட மேசையும்தான் ஃபிரேமில் வெளிச்சமான பகுதி. அது வெளியே போனதும், "ஓ, இருட்டாகிவிட்டதே" என்று போன் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டுகிறது. பயம் உச்சத்துக்கு வரவேண்டிய நொடியில் கதவு சாம்பலாகி, புள்ளிகள் கிளம்புகின்றன. ஐபோனில் சித்தியின் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும். அது வந்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். ஃபோகஸும் அதோடு சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கேமரா கடைசியில் கதவைப் பார்க்கப்போவதால், ஃபோகஸ் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் பழைய டியூப் லைட் சிமிட்டாமல் வரும். சிமிட்டும் விளக்கு பேய்ப்படத்துக்கு நல்லதுதானே என்று ஒரு தம்பி கேட்டான். கேமராவால் வரும் சிமிட்டல் சட்டென்று தெரிந்துவிடும், தம்பி.

கேமராவை நகர்த்தாம, நின்ன இடத்துலயே திருப்பினா வேலைக்கு ஆகாதா?

ஆகும், ஆனால் அதன் வழி வேறு. தள்ளும்போது கேமராவுக்கு ஏதோ எண்ணம் இருப்பது போலத் தெரியும். ஒரே சீராக இடமும் வலமும் திரும்பும் கேமராவுக்கு எந்த எண்ணமும் இல்லை, அதன் பயமே அதில்தான். 2011-இல் வந்த பாராநார்மல் ஆக்டிவிட்டி 3 படத்தில் கேமராவை மேசை மின்விசிறியின் அடிப்பாகத்தில் மாட்டியிருப்பார்கள். கூடத்தைப் பார்க்கும், அடுப்படிக்குத் திரும்பும், மறுபடி கூடம். எது நடந்தாலும் அது அவசரப்படாது. அடுப்படியில் என்ன ஆனது என்று நீங்கள் துடிக்கும்போது அது நிதானமாகக் கூடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

இதை எடுக்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, ஏதாவது நடக்கும் பக்கத்தில் அரை விநாடி கூடுதலாக நிற்பது. நின்றால் கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பேயைக் கடைசிவரைக்கும் வெளியிலேயே வச்சிருக்கணும்னா, எங்கே வைக்கிறது? வெளியன்னா இடதும் வலதும்தானே?

ஃபிரேமுக்கு வெளியே ஆறு இடம் உண்டு என்று நோயல் பர்ச் என்ற சினிமா ஆய்வாளர் பிரித்துச் சொல்லியிருக்கிறார். இடது, வலது, மேல், கீழ், கேமராவுக்குப் பின்னால், அப்புறம் காட்சிக்குள்ளேயே எதற்காவது மறைவில். நம் பிள்ளைகள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். லயத்து வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது மேல். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுச்சுவர் கூரைவரை போகாத பழைய லயங்கள் உண்டு. அந்தச் சுவர் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஃபிரேமை வெட்டிவிட்டு, சித்தியை ஒரு முறை மேலே பார்க்கச் சொன்னால் போதும்.

மறைவில் வைப்பதற்குப் பிரபலமான உதாரணம் 1968-இல் வந்த ரோஸ்மேரிஸ் பேபி. ஒரு பாட்டி படுக்கையறையில் போன் பேசுகிறார். கேமராமேன் வில்லியம் ஃபிரேக்கர் அவரை அழகாக ஃபிரேமுக்குள் வைத்திருந்தாராம். இயக்குநர் போலன்ஸ்கி கேமராவை நகர்த்தச் சொல்லி, கதவு நிலை பாட்டியின் முகத்தை மறைக்கும்படி செய்தார். தியேட்டரில் கூட்டம் மொத்தமும் தலையைச் சாய்த்து நிலைக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தது என்று ஃபிரேக்கரே சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்குள்ள சரி. செம்பனைக் காட்டுல எடுத்தா எங்க பார்த்தாலும் மரம்தான் நிக்குது, காலி இடமே கிடைக்கல.

கிடைக்கும், நடவு முறையைப் புரிந்துகொண்டால். செம்பனையைப் பெரும்பாலும் முக்கோணமாக, மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். ஒரு வரிசையில் இடைவெளி விழும் இடத்தில் அடுத்த வரிசையின் மரம் நிற்கும். நீங்கள் ஒரு வரிசைக்கு இணையாகப் பக்கவாட்டில் கேமராவை நகர்த்தினால், ஒவ்வொரு 4.5 மீட்டருக்கும் ஒரு நீண்ட சந்து கண்ணுக்கு நேரே திறந்து, உள்ளே ஆழம்வரை தெரிந்து, மூடிக்கொள்ளும். கதவு திறந்து சாத்துவது போலத்தான். விநாடிக்கு 15 சென்டிமீட்டர் போனால் அரை நிமிடத்துக்கு ஒரு சந்து.

மூன்று சந்துகளைக் காலியாகவே காட்டுங்கள். தாளம் பழகிவிடும், அடுத்தது எப்போது திறக்கும் என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். நான்காவது திறக்கும்போது என்ன செய்வது என்பது உங்கள் கதை. நான் ஒன்றும் வைக்கவில்லை, ஆனால் சந்து பாதி திறந்ததும் கேமராவை நிறுத்திவிட்டேன். பகல் வெளிச்சத்தில், மாலை ஆறரை மணிபோல எடுங்கள். இரவில் அவ்வளவு ஆழத்துக்கு விளக்குப் போட நம்மால் முடியாது.

சத்தம்? பின்னணி இசை போட்டாத்தானே பயம் வரும்?

எங்கள் ஷாட்டில் இசை இல்லை. நெத்திலி கிள்ளும் சத்தத்தைத் தனி மைக்கில், சித்தியின் கையருகே வைத்து எடுத்தோம். சித்தி ஃபிரேமைவிட்டுப் போன பிறகும் அதன் அளவைக் குறைக்கவில்லை, அவர் அங்கேயே இருக்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. வெளியே பூச்சிச் சத்தத்தை மட்டும் 30-ஆவது விநாடியிலிருந்து பத்து விநாடிக்குள் மெல்லக் கரைத்தோம். குறைவதை யாரும் கவனிப்பதில்லை. கிள்ளும் சத்தமும் நின்றபோதுதான் வேறு எந்தச் சத்தமுமே இல்லை என்று உறைக்கிறது.

படத்தைப் போனில் பார்ப்பவர்களே அதிகம். சின்ன ஸ்பீக்கரில் அடிவயிற்றைக் கலக்கும் தாழ்ந்த உறுமல் கேட்கவே கேட்காது, அதை நம்பிக் காட்சியைக் கட்டாதீர்கள்.

டிக்டாக்குக்கு நெட்டுக்குத்தா எடுக்கிறேன். பக்கத்துல இடமே இல்லையே?

மேலும் கீழும் இருக்கிறதே. ஆளைக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் உட்காரவைத்து மேலே கூரை இருட்டை விடுங்கள். மேலே சொன்ன நடுச்சுவர் யோசனை நெட்டுக்குத்துக்கென்றே பிறந்தது. ஆனால் செயலியின் எழுத்துகளும் பொத்தான்களும் திரையின் அடியிலும் வலது ஓரத்திலும் வந்து உட்காரும். உங்கள் கைலியை அங்கே தொங்கவிட்டால் யார் கண்ணிலும் படாது.

போட்டுக் காட்டினா போரடிக்குதுங்கிறாங்க. எப்பப் போர், எப்பப் பயம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

திரையைப் பார்க்காதீர்கள், பார்க்கிறவர்களைப் பாருங்கள். பயந்தவன் அசையமாட்டான், கண் மட்டும் சித்திக்கும் கதவுக்கும் போய் வரும். போரடித்தவன் போனை எடுப்பான். எந்த விநாடியில் எடுக்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்தாவது விநாடிக்குள் எடுத்தால் ஷாட்டின் நீளத்தில் குற்றமில்லை. அந்தக் கதவைப் பற்றிக் கவலைப்பட அவனுக்கு நீங்கள் காரணம் கொடுக்கவில்லை. எங்கள் முதல் வெட்டில் அப்படித்தான் ஆனது. ஷாட்டைச் சுருக்காமல், அதற்கு முன்னால் நான்கு விநாடி ஷாட் ஒன்றைச் சேர்த்தோம்: சித்தி பின்கதவைச் சாத்தித் தாழ் போடுகிறார்.

அப்ப கடைசியில கதவுல என்னதான் வருது? ஒண்ணும் வரலைன்னா ஏமாத்தின மாதிரி ஆகாதா?

ஒன்றுமே மாறாமல் முடித்தால் ஏமாற்றுதான், ஜனங்கள் திட்டுவார்கள். எதுவோ மாறியிருக்கவேண்டும், ஆனால் மாறும் நேரத்தில் அது ஃபிரேமில் இருக்கக்கூடாது. 55-ஆவது விநாடியில் வெட்டி, முதலில் பார்த்த அதே இடத்திலிருந்து அடுப்படியைக் காட்டினோம். சித்தி அங்கேயேதான் இருக்கிறார், முகம் இப்போது கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது. பேப்பரில் நெத்திலி அப்படியே கிடக்கிறது. கொடியில் கைலி இல்லை.

அதைச் சித்தி எழுந்து போய் எடுத்தாரா என்று இன்றுவரை கேட்கிறார்கள். மேசைக்கு அடியில் அவர் கால் தெரியும், செருப்புப் போடாத கால், காய்ந்த சிமெண்டுத் தரை. வெளியே மழை பெய்து முற்றம் முழுக்கச் சேறு என்பதை இரண்டு ஷாட்டுக்கு முன்பே காட்டியிருந்தோம்.